கல்லூரி கேட்கும் தொகை கட்டணக் குழு நிர்ணயித்ததைத் தாண்டுகிறதா? சீட்டை வரி வரியாகச் சரிபார்க்கும் முறை

கேள்வி: மகளுக்குப் பொறியியல் கவுன்சிலிங்கில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. முதல் வருடத்துக்கு 1,35,000 ரூபாய் கட்டச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். டியூஷன் 55,000, அட்மிஷன் 5,000, லேப் மற்றும் இன்டர்நெட் 8,000, நூலகம் மற்றும் விளையாட்டு 3,500, பிளேஸ்மென்ட் டிரெயினிங் 15,000, பல்கலைக்கழகக் கட்டணம் 2,500, சீருடை மற்றும் புத்தகம் 9,000, காஷன் டெபாசிட் 5,000, பஸ் 32,000. கமிட்டி ஃபீஸ் 50,000, 55,000தானே என்று கேட்டால், "அது டியூஷன் மட்டும் சார்" என்கிறார்கள். இது சரியா? எப்படிச் சரிபார்ப்பது, யாரிடம் போவது?

பதில்:

"அது டியூஷன் மட்டும்" என்ற பதில் தவறு. தமிழ்நாட்டில் சுயநிதித் தொழிற்கல்லூரிகளுக்கான கட்டண நிர்ணயக் குழு தருவது டியூஷன் கட்டணத்தை மட்டும் அல்ல, ஒரு கல்வியாண்டுக்கான மொத்த உச்சவரம்பை. டியூஷன், அட்மிஷன், ஸ்பெஷல் ஃபீஸ், ஆய்வகம், கம்ப்யூட்டர், இன்டர்நெட், நூலகம், விளையாட்டு, பராமரிப்பு, பாடம்சாரா நடவடிக்கைகள் என்று கல்லூரியின் தொடர்செலவுகள் எல்லாமே அந்த ஒற்றை எண்ணுக்குள் அடக்கம். ஆணையிலேயே இந்தத் தலைப்புகளை வரிசையாக எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தியைப் படிக்காமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடப் போகிற பெற்றோர்தான் கவுன்டரில் வாயடைத்துத் திரும்பி வருகிறார்கள்.

இதற்குப் பின்னால் உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நிற்கிறது. 2003-ல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒவ்வொரு மாநிலத்திலும் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் கட்டணக் குழு அமைக்கச் சொன்னது. அதே தீர்ப்பு உங்களுக்கு நேரடியாக உதவும் மூன்று விஷயங்களைச் சொல்கிறது. குழு நிர்ணயித்த கட்டணம் மூன்று ஆண்டுகளுக்குக் கல்லூரியைக் கட்டுப்படுத்தும். அதற்கு மேல் எந்தத் தலைப்பில், எந்தப் பெயரில், நேரடியாகவோ சுற்றிவளைத்தோ வாங்கினாலும் அது கேபிடேஷன் ஃபீஸ்தான். ஒரு ஆண்டுக்கு மேற்பட்ட கட்டணத்தை முன்கூட்டியே வாங்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 1992-ல், கேபிடேஷன் கட்டணத் தடைச் சட்டம் வந்துவிட்டது. அதுவும் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கும் தொகையை, பெயர் எதுவாக இருந்தாலும், கேபிடேஷன் கட்டணமாகவே பார்க்கிறது. மீறினால் சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு.

சீட்டைக் கையில் எடுக்கும் முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் கல்லூரி இந்தக் குழுவின் வரம்புக்குள் வருகிறதா? நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் இந்த ஏற்பாட்டில் வராது. ஒரே அறக்கட்டளை, ஒரே வளாகச் சுவர், ஒரே பெயர்ப்பலகை, ஆனால் உள்ளே ஒன்று அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, மற்றொன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று இருப்பது இங்கே சர்வசாதாரணம். உங்களுக்குக் கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறது, அதில் கல்லூரிக் குறியீட்டு எண் அச்சாகியிருக்கும். அந்த எண்ணும் பெயரும், பணம் கட்டச் சொல்லும் சலான் மேல் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் குழுவின் ஆணை பொருந்தும். "நாங்கள் தன்னாட்சிக் கல்லூரி" என்று சொல்லிச் சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். தன்னாட்சி என்பது பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும்தான், கட்டணத்துக்கு அல்ல. இணைப்பு இருக்கும்வரை குழுவின் உச்சவரம்பும் இருக்கும்.

அடுத்து, எந்த எண் உங்களுக்குப் பொருந்தும் என்பது. நீங்கள் கேள்விப்பட்ட 50,000, 55,000 இரண்டும் 2017-ல் குழு உயர்த்தி அறிவித்த அரசு ஒதுக்கீட்டுக் கட்டணங்கள். தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ-யின் அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு 50,000, அங்கீகாரம் உள்ள படிப்புக்கு 55,000. அப்போது நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000. அதற்கு முன்பு அரசு ஒதுக்கீட்டில் 40,000, 45,000 ஆக இருந்தது. ஆனால் பத்திரிகையில் வந்த பொது எண்ணோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் கல்லூரியின் பெயருக்கு, உங்கள் மகள் சேரும் கல்வியாண்டுக்கு எந்த ஆணை நடப்பில் இருக்கிறதோ அதன் நகல்தான் வேண்டும். இங்கே கணக்குப் போட்டுக் காட்ட 2017 எண்களை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஆணையில் வேறு எண் இருந்தால் அதை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

இந்த 5,000 ரூபாய் வித்தியாசத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். என்.பி.ஏ அங்கீகாரம் கல்லூரிக்குக் கொடுப்பதல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. மெக்கானிக்கலுக்கும் ஈ.சி.ஈ-க்கும் இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இருக்காது. அப்படியே இருந்தாலும் மூன்று ஆண்டு அல்லது ஆறு ஆண்டு என்று காலவரம்பு உண்டு, முடிந்த பிறகு புதுப்பிக்க வேண்டும். வாசலில் "என்.பி.ஏ அங்கீகாரம் பெற்றது" என்று பெரிய பேனர் தொங்குவதை வைத்து எல்லாப் பிரிவுக்கும் 55,000 வாங்குவார்கள். நாக் தரச்சான்றைக் காட்டி வாங்குகிறவர்களும் உண்டு. நாக் வேறு, அது மொத்தக் கல்லூரிக்குத் தரப்படுவது, இந்தக் கணக்கில் சேராது. என்.பி.ஏ-யின் தளத்தில் கல்லூரி வாரியாக, படிப்பு வாரியாக, எந்தத் தேதி வரை செல்லும் என்பதோடு பட்டியல் இருக்கிறது. மகளின் பிரிவு அதில் இருக்கிறதா, இந்தக் கல்வியாண்டு அந்தத் தேதிக்குள் வருகிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

ஆணை நகலுக்கு மூன்று வழிகள். முதல் வழி, கல்லூரியின் சொந்த இணையதளமே. தொழிற்கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ-யின் அனுமதி பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் Mandatory Disclosure என்ற ஆவணத்தைப் போட்டாக வேண்டும். முகப்புப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். அதில் கட்டணம் பற்றிய பகுதியில், மாநிலக் கட்டணக் குழு ஏற்றுக்கொண்ட கட்டணம் எவ்வளவு என்று கல்லூரியே எழுதியிருக்கும். அங்கே 50,000 என்று எழுதிவிட்டுக் கவுன்டரில் அதற்கு மேல் கேட்டால், அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டியதில்லை. கிடைத்தவுடன் பி.டி.எஃப்-ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், புகார் போன பிறகு அந்தப் பக்கம் திறக்காமல் போகலாம். இரண்டாவது வழி, சென்னை தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். அங்கே நேரில் விசாரிக்கலாம். மூன்றாவது வழி தகவல் உரிமைச் சட்டம். இயக்ககத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்தக் குறியீட்டு எண் கொண்ட கல்லூரிக்கு இந்தக் கல்வியாண்டில் நடைமுறையில் உள்ள கட்டண நிர்ணய ஆணையின் சான்றிட்ட நகல்" என்று ஒரே வரியில் கேளுங்கள். "ஏன் அதிகம் வாங்குகிறார்கள்" போன்ற கேள்விகளை அதில் சேர்க்காதீர்கள், அது தகவல் இல்லை என்று தட்டிவிட்டுவிடுவார்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. பணம் கட்டும் கடைசித் தேதிக்குள் வராது என்றாலும் பிறகு புகாருக்கு உதவும்.

ஆணை கைக்கு வந்தால் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, கட்டணத்தில் என்னென்ன அடக்கம், எது வெளியே என்று சொல்லும் வரி. வளர்ச்சிக் கட்டணம் என்று ஒன்றைக் குழு தனியாக அனுமதித்திருந்தால் அங்கேதான் இருக்கும். இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. மற்றொன்று, எந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தும் என்பது. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் திடீரென்று கட்டணத்தை ஏற்றும்போது இந்த வரிதான் கை கொடுக்கும்.

இப்போது உங்கள் சீட்டுக்கு வருவோம். ஒன்பது வரிகள் இருக்கின்றன, அவற்றை மூன்று கூறாகப் பிரிக்க வேண்டும். தலைப்பின் பெயரைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். கல்லூரி நடத்த ஆகும் செலவா, மூன்றாம் ஆளுக்குப் போகும் பணமா, மாணவி விரும்பினால் மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதியா என்று பார்த்துப் பிரியுங்கள்.

முதல் கூறு, உச்சவரம்புக்குள் அடங்கியவை: டியூஷன் 55,000, அட்மிஷன் 5,000, லேப் இன்டர்நெட் 8,000, நூலகம் விளையாட்டு 3,500. கூட்டினால் 71,500. படிப்புக்கு என்.பி.ஏ இல்லை என்றால் வரம்பு 50,000, கூடுதல் 21,500. என்.பி.ஏ இருந்தால் கூடுதல் 16,500. இதில் வாதத்துக்கே இடமில்லை. டியூஷன் வரியில் மட்டும் 55,000 போட்டு, மீதியை வேறு வேறு பெயரில் பிரித்து வைத்திருப்பதே வரம்பு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும் என்பதைக் காட்டுகிறது.

பிளேஸ்மென்ட் டிரெயினிங் 15,000தான் இழுபறிக்குரிய வரி. "இது கல்லூரிக் கட்டணம் இல்லை, வெளி நிறுவனத்துக்குக் கொடுப்பது" என்பார்கள். என்னைக் கேட்டால் சோதனை எளிது: வேண்டாம் என்று சொன்னால் விடுவார்களா? விட்டால் அது விருப்பச் சேவை, எழுத்தில் வேண்டாம் என்று கொடுத்துவிட்டுக் கட்டாமல் இருக்கலாம். முதலாண்டிலேயே எல்லோரும் கட்டித்தான் ஆகவேண்டும், அது இல்லாமல் அட்மிஷன் போட மாட்டோம் என்றால் அது சேர்க்கைக்கு விதித்த நிபந்தனை. வேறு பெயரில் வாங்கும் கட்டணம் என்ற வரையறைக்குள் அது அப்படியே விழும். அப்போது கூடுதல் தொகை 36,500 அல்லது 31,500 ஆகிறது. புகாரில் இந்த வரியை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். இதில் குழு வேறு முடிவு எடுத்தாலும் முதல் கணக்கு கெடாமல் இருக்கும்.

பல்கலைக்கழகக் கட்டணம் 2,500, கல்லூரி வாங்கிப் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்துவது. அதனால் அது வரம்புக்கு வெளியேதான், ஆனால் பல்கலைக்கழகம் உண்மையில் கேட்கும் தொகை மட்டுமே வாங்கலாம். என்னென்ன பதிவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் தேர்வுக் கட்டணத்தைக் கல்லூரியே நிர்ணயிக்கும் என்பதால், இந்தத் தலைப்பில் கொஞ்சம் ஏற்றி வைக்க வழி உண்டு. காஷன் டெபாசிட் 5,000 திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். ரசீதில் "திரும்பத் தரத்தக்கது" என்ற சொல் இல்லாவிட்டால் நான்காம் ஆண்டு முடிவில் அதற்காக அலைய வேண்டியிருக்கும்.

சீருடை, புத்தகம், பஸ் மூன்றும் வரம்புக்கு வெளியே. ஆனால் கட்டாயமாக்க முடியாது, லாப நோக்கும் கூடாது. பஸ்ஸில் வராத பிள்ளைக்கு 32,000 கேட்டால் மறுக்கலாம். வீட்டிலிருந்து மாநகரப் பேருந்தில் வர வசதி இருந்தும் "கல்லூரிப் பஸ் கட்டாயம்" என்று சொல்வது ஊருக்கு ஊர் நடக்கிறது. பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். பணம் கட்டும் முன்பே "போக்குவரத்து வசதி எங்களுக்குத் தேவையில்லை" என்று எழுதி, முதல்வர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அதையே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், கவுன்சிலிங்கில் சேர்ந்தவருக்கு அந்தச் சலுகைத் தொகையை டியூஷனில் கழித்துத்தான் சீட்டுப் போட வேண்டும், அதை அரசு கல்லூரிக்குத் தரும். "முழுசா கட்டுங்க, அரசுப் பணம் வந்ததும் தர்றோம்" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளை என்றால் கணக்கே வேறு, கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

பணம் கட்டும் விதம் பிறகு வழக்கின் விதியையே தீர்மானிக்கும். கூடுதல் தொகையைப் பெரும்பாலும் ரொக்கமாகக் கேட்பார்கள், அல்லது அறக்கட்டளையின் பெயரில் தனி ரசீது போடுவார்கள். சில இடங்களில் "விருப்பத்தின் பேரில் அளிக்கும் நன்கொடை" என்று அச்சடித்த கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்ட பிறகு கட்டாயமாக வாங்கினார்கள் என்று நிரூபிப்பது மிகக் கடினம். எனவே முடிந்தவரை கல்லூரியின் பெயரில் டி.டி. அல்லது வங்கிப் பரிமாற்றம். சேர்க்கைக் கெடு நெருங்கிவிட்டது, வேறு வழியில்லை என்றால் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள், இடத்தை இழக்காதீர்கள். ஆனால் அன்றே கல்லூரியின் மின்னஞ்சலுக்கு, "குழு நிர்ணயித்ததற்கு மேல் உள்ள தொகையை ஆட்சேபத்துடன் செலுத்தியுள்ளேன்" என்று நான்கு வரி அனுப்பி வையுங்கள். கட்டணத் தலைப்புகளோடு அவர்கள் கொடுத்த சீட்டைத் திரும்பக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், குறைந்தது படமாவது எடுத்து வையுங்கள். பேனாவால் துண்டுத்தாளில் எழுதிக் காட்டிவிட்டுக் கிழித்துப்போடும் பழக்கம் இதற்காகத்தான்.

புகாரை முதலில் கட்டண நிர்ணயக் குழுவுக்கு அனுப்புங்கள். நகல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும், இணைப்பு வழங்கிய பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கும். ஏ.ஐ.சி.டி.இ-யின் குறைதீர் தளத்திலும் பதியலாம். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். கல்லூரிப் பெயர், குறியீட்டு எண், படிப்பு, ஒதுக்கீட்டு ஆணை எண், பொருந்தும் குழு ஆணையின் தேதி, பிறகு மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை: தலைப்பு, கேட்ட தொகை, குழு அனுமதித்தது. கடைசியில் கூடுதல் தொகை எவ்வளவு, அதைத் திருப்பித் தர உத்தரவிட வேண்டும் என்ற கோரிக்கை. இணைப்பாக ஒதுக்கீட்டு ஆணை, சீட்டு, ரசீதுகள், என்.பி.ஏ பக்கத்தின் அச்சு. "கொள்ளை அடிக்கிறார்கள்" என்ற பொதுவான புகார்கள் விசாரணைக்கே போகாது, எண்ணோடு வந்த புகாருக்குக் கல்லூரி விளக்கம் சொல்லியே ஆகவேண்டும்.

இதற்குக் கல்லூரி தரும் விளக்கம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "கட்டணத்தை உயர்த்தக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம்" என்பது ஒன்று. புதிய ஆணை வரும்வரை பழையதுதான் செல்லும், விண்ணப்பம் போட்டதற்காகக் கட்டணம் ஏறிவிடாது. "பெற்றோர் சம்மதித்துத்தான் கட்டினார்கள்" என்பது இரண்டாவது. சட்டம் தடை செய்த தொகையைச் சம்மதம் சட்டபூர்வமாக்காது. இருந்தாலும் நீங்கள் அனுப்பிய அந்த ஆட்சேப மின்னஞ்சல் இருந்தால் இந்தப் பேச்சே எழாது.

மகளின் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களோ என்ற பயம் இருக்கும், அது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அதே வகுப்பில் அதே சீட்டு வாங்கிய பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திட்டால் ஒரு பிள்ளையைத் தனியாகக் குறிவைக்க முடியாது. குழு அசையவில்லை என்றால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், அதையும் கூட்டாகப் போட்டால் செலவு பகிரப்படும். நுகர்வோர் மன்றத்தை முதல் வழியாக நம்பிப் போகாதீர்கள். கல்வி நிறுவனத்தின் மீது நுகர்வோர் புகார் செல்லுமா என்ற கேள்வியை எழுப்பும் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் 2020-ல் விசாரணைக்கு ஏற்றது. கல்லூரி முதல் வேலையாக அதைத்தான் எழுப்பும், வருடக்கணக்கில் இழுக்கும்.

ஒருவேளை இந்தக் கல்லூரியே வேண்டாம் என்று கவுன்சிலிங்கின் அடுத்த சுற்றுக்கோ வேறு கல்லூரிக்கோ போவதாக இருந்தால், ஏ.ஐ.சி.டி.இ குறிப்பிடும் கடைசித் தேதிக்குள் எழுத்து மூலம் விலகல் கடிதம் கொடுங்கள். அதற்குள் விலகினால் நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் மார்க் ஷீட், டி.சி. ஆகியவற்றைக் கல்லூரி பிடித்து வைப்பதும் விதிமீறல். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி 2018-ல் அறிவித்திருக்கிறது. சேர்க்கையின்போது அசல்களைக் கொடுத்திருந்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்ற பட்டியலில் கல்லூரியின் கையெழுத்து இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் முதல் வகுப்புத் தொடங்கும் முன் வாங்கிவிடுங்கள்.